பெயின்டை விட்டுவிட்டுத் தகட்டைப் பார்: பழைய அவுட்போர்டு இன்ஜினை வாங்குமுன்

ஃபைபர் வள்ளத்தின் பின்பலகையில் மாட்டப்படும் அவுட்போர்டு இன்ஜின் பழையதாகக் கைமாறும்போது, இன்று பேச்சு பெரும்பாலும் ஒரு புகைப்படத்தில்தான் தொடங்குகிறது. விற்பவர் கைபேசியில் படம் அனுப்புகிறார், கூடவே விலை சொல்கிறார். வாங்குகிறவர் வேறு ஊர்க்காரராக இருந்தால், பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பதா வேண்டாமா என்பதை அந்தப் படத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு படம் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தர வேண்டும்: இது எந்த இன்ஜின், இது எந்த நிலையில் இருக்கிறது. முதல் கேள்விக்கு நல்ல படம் ஏறக்குறைய முழுப் பதிலையும் தந்துவிடும். இரண்டாவதற்குப் பாதிப் பதில்தான் தரும். மீதிப் பாதி இன்ஜினுக்கு உள்ளே இருக்கிறது.

எந்த இன்ஜின்?

பார்த்தவுடன் கண்ணில் படுவது மேல்மூடியும் அதில் ஒட்டியிருக்கும் பெயரும் குதிரைத்திறன் எண்ணும்தான். ஆனால் அடையாளத்துக்கு மிகக் குறைவாக நம்ப வேண்டியது அதைத்தான். மூடியைக் கழற்றி மாட்ட ஒரு நிமிடம்கூட ஆகாது. ஸ்டிக்கர் கடையில் கிடைக்கும். மேலும், ஒரே நிறுவனத்தின் இரண்டு திறன்கள் ஒரே உடலில் வருவதுண்டு. யமஹாவின் பழைய இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் 9.9-ம் 15-ம் 246 சிசி கொண்ட ஒரே பிளாக். சுசுகியின் 9.9-ம் 15-ம் அப்படியே 284 சிசி. வித்தியாசம் கார்புரேட்டர் போன்ற சில பாகங்களில்தான். எனவே 9.9-ன் மேல் 15-ன் மூடியைப் போட்டால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. வாங்கியவருக்குக் கடலில், சுமையோடு திரும்பும்போதுதான் தெரியும்.

பெயரும் அப்படித்தான். டொஹாட்சு தயாரித்த சிறிய இன்ஜின்கள் மெர்க்குரி, நிசான் என்ற பெயர்களிலும் விற்கப்பட்டிருக்கின்றன. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. உதிரிபாகம் தேடும்போது இது உதவியாகவே இருக்கும். சீனாவில் தயாராகும் சில டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்கள் யமஹாவின் பழைய 40 குதிரைத்திறன் வடிவத்தை அப்படியே ஒட்டியவை. அவை தம் சொந்தப் பெயரில் விற்கப்பட்டால் குற்றமில்லை. நீல பெயின்ட் அடித்து, வேறு பெயர் ஒட்டி, அந்த விலைக்குக் கேட்டால்தான் பிரச்சினை.

உண்மையான அடையாளம் கீழே, இன்ஜினைப் பின்பலகையோடு இறுக்கும் பிடியில் இருக்கிறது. பெரும்பாலான இன்ஜின்களில் அந்தப் பிடியின் பக்கவாட்டிலோ, இன்ஜின் திரும்பும் மூட்டின் மேலோ ஒரு சிறு உலோகத் தகடோ வில்லையோ இருக்கும். மாடல் பெயர், தண்டின் நீளக் குறி, வரிசை எண் மூன்றும் அதில் உண்டு. விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இந்தத் தகட்டின் நெருக்கப் படம். உப்பும் பெயின்டும் படிந்து எழுத்து மங்கியிருந்தால், ஈரத்துணியால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து எடுக்கச் சொல்லலாம். நேர் வெளிச்சத்தில் தெரியாத வெட்டெழுத்து சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து தெரியும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி எழுத்துகள் கலங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொன்னால் எடுத்த படம் எடுத்தபடியே வந்து சேரும்.

தகட்டில் உள்ள எழுத்துகள் ஒரு சிறு மொழி. நம் கரைகளில் அதிகம் காணப்படும் இரண்டு பெயர்களை மட்டும் பார்க்கலாம். யமஹாவில் E40XMHL என்று இருந்தால், முதல் E என்பது என்டியூரோ என்ற உழைப்பு வகை, 40 குதிரைத்திறன், X அந்த மாடலின் தலைமுறை, M என்றால் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது, H என்றால் கைப்பிடியால் திருப்புவது, கடைசி L நீளத் தண்டு. அங்கே S இருந்தால் குட்டைத் தண்டு. தொடக்கத்தில் E-க்குப் பதில் EK என்று இருந்தால் அது மண்ணெண்ணெயில் ஓடுவதற்காகவே செய்யப்பட்டது. சுசுகியில் DT என்றால் டூ-ஸ்ட்ரோக், DF என்றால் ஃபோர்-ஸ்ட்ரோக். DT40WK என்பதுபோல எண்ணுக்குப் பின்னால் வரும் K மண்ணெண்ணெய் வகையைக் குறிக்கிறது.

இந்த ஒரு K-யை விசாரிக்காமல் விடக் கூடாது. மண்ணெண்ணெய் பெட்ரோலைவிட எளிதில் தட்டும் எரிபொருள். அழுத்தம் அதிகமானால் தீப்பொறி வருமுன்பே அல்லது தாறுமாறாக வெடித்து பிஸ்டன் தலையை அரித்துவிடும். அதனால் மண்ணெண்ணெய் இன்ஜினின் கம்ப்ரஷனைத் தயாரிப்பாளரே குறைத்து வைத்திருப்பார். அது பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகிச் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றினால்தான் அடுத்த முறை சுலபமாகக் கிளம்பும். ஆகவே இரண்டு எரிபொருள் வழிகளும் மாற்றுத் திருகும் அதில் இருக்கும். மூடி கழற்றிய படத்தில் இவற்றைத் தேடலாம். தகட்டில் K இல்லை, ஆனால் மண்ணெண்ணெய் வாடையும் கறுத்த கசடும் இருக்கின்றன என்றால், பெட்ரோல் இன்ஜினை யாரோ மண்ணெண்ணெயில் ஓட்டியிருக்கிறார்கள். ஹெட்டுக்கு அடியில் கூடுதல் கேஸ்கெட் வைத்து முறையாக மாற்றினார்களா, அப்படியே ஊற்றினார்களா என்று கேட்க வேண்டும். அப்படியே ஊற்றியிருந்தால் பிஸ்டனைப் பார்க்காமல் விலை பேசக் கூடாது.

தண்டின் நீளமும் படத்திலேயே தெரிய வேண்டிய விஷயம். பின்பலகையின் மேல் உட்காரும் இடத்திலிருந்து, ப்ரொப்பெல்லருக்கு நேர் மேலே கிடையாக நீண்டிருக்கும் தகடு வரை அளந்தால், குட்டைத் தண்டுக்குச் சுமார் 15 அங்குலமும் நீளத் தண்டுக்குச் சுமார் 20 அங்குலமும் வரும். அந்தக் கிடைத்தகடு வள்ளத்தின் அடிப்பாகத்துக்கு ஏறக்குறைய நேராக, அல்லது அதற்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். உயரமான பின்பலகையில் குட்டைத் தண்டைப் போட்டால் ப்ரொப்பெல்லர் காற்றை உறிஞ்சும்; அலையில் தண்ணீர் எடுக்கும் துளையும் மேலே வந்து இன்ஜின் சூடாகும். தாழ்ந்த பலகையில் நீளத் தண்டைப் போட்டால் கரையேற்றும்போது மண்ணில் இடிக்கும். படத்தைப் பார்த்துக் கண்மதிப்பாகச் சொல்வது சரிவராது. கைபேசியைப் பக்கத்தில் வைத்து எடுத்தால் அருகிலிருப்பது பெரிதாகவும் தள்ளியிருப்பது சிறிதாகவும் விழும். அளவு நாடாவைத் தண்டோடு ஒட்டிப் பிடித்து, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று எடுத்த படம் போதும்.

வயதை வடிவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. என்டியூரோ போன்ற டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்கள் பல ஆண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் வந்தவை. பழைய ஜான்சன், எவின்ரூட் இன்ஜின்களில் மட்டும் ஓர் எளிய வழி உண்டு. 1980 முதல் 1998 வரையிலான மாடல்களில் ஆண்டு INTRODUCES என்ற சொல்லின் எழுத்துகளில் மறைந்திருக்கும். I என்றால் 1, N என்றால் 2, இப்படியே போய் E என்றால் 9, S என்றால் 0. மாடல் எண்ணின் முடிவில் கடைசி எழுத்துக்கு முன்னால் இருக்கும் இரண்டு எழுத்துகள் CE என்றால் அது 1989. மற்ற இன்ஜின்களுக்கு வரிசை எண்ணை விற்பனையாளரிடம் கொடுத்துக் கேட்பதும், வாங்கிய பில்லைப் பார்ப்பதும்தான் வழி.

தகடே இல்லையென்றால்? ஆணி அடித்த இரண்டு துளைகள் மட்டும் மிஞ்சியிருந்தால், அல்லது ஆணிக்குப் பதில் புதுத் திருகு பளபளத்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் விலகிவிடுவதே நல்லது. சில தயாரிப்புகளில் பிளாக்கிலும் ஒரு வட்ட மூடியில் அதே எண் வெட்டப்பட்டிருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டு இன்ஜின்கள் ஒன்றாகியிருக்கின்றன, அல்லது ஒன்று திருட்டுப் பொருள்.

படம் சொல்லும் நிலை

நிலையைப் பார்க்க ஒரு முழுப் படம் போதாது. மூடி கழற்றிய பின்பக்கம், கீழ்க்கால், ப்ரொப்பெல்லர், பிடி ஆகிய நான்கின் நெருக்கப் படங்கள் வேண்டும். பார்க்கும் கண் அழுக்கைத் தேட வேண்டாம், புதுமையைத் தேட வேண்டும். உழைத்த இன்ஜினில் எண்ணெய்ப் பிசுக்கும் உப்புத் தடமும் இருப்பது இயல்பு. வயர்கள், ரப்பர் குழாய்கள், போல்ட்டுத் தலைகள் எல்லாவற்றின் மேலும் ஒரே நிறத்தில் புது ஸ்ப்ரே பெயின்ட் படர்ந்திருந்தால், அதற்கடியில் இருப்பதை மறைக்கவே அது அடிக்கப்பட்டது.

மூடிக்குள் முதலில் பார்க்க வேண்டியது சிலிண்டர் ஹெட்டின் பெயின்ட். அது கொப்பளித்தோ பழுப்பாகக் கருகியோ உரிந்தோ இருந்தால், அந்த இன்ஜின் ஒரு காலத்தில் தண்ணீர் ஓட்டமில்லாமல் சூடேறியிருக்கிறது. ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோட்டில் வெள்ளை உப்புக் கசிவு இருந்தால் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் வருகிறது. ஹெட் போல்ட்டுகளில் புதிதாக ஸ்பானர் பட்ட பளபளப்பு தெரிந்தால் இன்ஜின் திறக்கப்பட்டிருக்கிறது. திறப்பது தவறல்ல, ஆனால் எதற்காகத் திறந்தார்கள் என்பதற்கு ஒரு தெளிவான பதில் இருக்க வேண்டும். ஃப்ளைவீலின் ஓரத்திலும் ஸ்டார்ட்டர் கூட்டின் அடியிலும் கனத்த துருவும் மணலும் ஒட்டியிருந்தால், இன்ஜின் முழுதாகக் கடலில் மூழ்கியிருக்க வாய்ப்புண்டு. டூ-ஸ்ட்ரோக்கின் உள் பேரிங்குகளுக்கு எரிபொருளில் கலந்து வரும் ஆயிலே மசகு. உப்புநீர் புகுந்து, உடனே கழுவி ஓட்டாமல் விட்டால், அந்தப் பேரிங்குகளில் சீக்கிரமே துரு பிடிக்கும். பிறகு ஓடும், ஆனால் நெடுநாள் ஓடாது. பெரிய புயலுக்குப் பின் சில மாதங்களில் விலைக்கு வரும் இன்ஜின்களில் இதைக் குறிப்பாகத் தேட வேண்டும்.

கீழ்க்காலில் துத்தநாகக் கட்டி ஒன்று திருகப்பட்டிருக்கும். இன்ஜினின் அலுமினியத்தைக் கடல்நீர் அரிக்காமல், தான் முதலில் கரைந்து காப்பது அதன் வேலை. பாதி கரைந்த கட்டி நல்ல செய்தி, அது வேலை செய்திருக்கிறது. கட்டியே இல்லாமல், அந்த இடத்தைச் சுற்றி அலுமினியம் குழி விழுந்து வெள்ளைத் தூளாக உதிர்ந்தால் கெட்ட செய்தி. கட்டியின் மேல் பெயின்ட் அடித்திருந்தால், அடித்தவருக்கு அது எதற்கு என்று தெரியாது. அவர் மற்றவற்றையும் அப்படித்தான் பராமரித்திருப்பார் என்று நினைக்கலாம்.

ப்ரொப்பெல்லர் இறக்கையில் சிறு கீறல்கள் பொருட்டல்ல. ப்ரொப்பெல்லரை மாற்றலாம். அடியில் துடுப்புபோல நீண்டிருக்கும் அலுமினிய இறக்கை உடைந்து வெல்டு வைக்கப்பட்டிருந்தால், பாறையிலோ மணல் திட்டிலோ வேகமாக இடித்த அடி அது. அந்த அடி கியருக்கும் ப்ரொப்பெல்லர் தண்டுக்கும் போயிருக்குமா என்பதைப் படம் சொல்லாது.

இன்ஜின் ஓடும் காணொளி கேட்கலாம். ஒரே நிபந்தனை, கயிறு இழுக்கும் முதல் நொடியிலிருந்து வெட்டாமல் எடுத்ததாக இருக்க வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினைக் காட்டும் காணொளி, அது எத்தனை இழுப்பில் கிளம்பியது என்ற ஒரே முக்கியமான விஷயத்தை விட்டுவிடுகிறது.

கையால் பார்க்க வேண்டியவை

நேரில் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். போனதும் முதல் வேலை ஹெட்டில் கை வைத்துப் பார்ப்பது. “அண்ணே, உங்களுக்காக முன்னாடியே ஓட்டிச் சூடு பண்ணி வச்சிருக்கேன்” என்று விற்பவர் சொன்னால், அது விருந்தோம்பலாகவும் இருக்கலாம், குளிரில் கிளம்பாத இன்ஜினாகவும் இருக்கலாம். ஆறும்வரை காத்திருப்பதில் இழப்பில்லை, அதற்குள் கியர் ஆயிலைப் பார்த்துவிடலாம்.

கீழ்க்காலில் கியர் ஆயிலுக்கு இரண்டு திருகுகள் உண்டு. இன்ஜினைச் செங்குத்தாக நிறுத்தி, அடித்திருகை மட்டும் மெல்லத் தளர்த்தி ஒரு கரண்டி ஆயிலை எடுத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது, ஆகையால் நின்றுபோன இன்ஜினில் முதலில் அதுதான் வரும். அண்மையில் ஓடியிருந்தால் இரண்டும் கலந்து பால் போல் வெளுத்து வரும். இரண்டுமே சீல் போய்விட்டது என்பதைக் காட்டுகின்றன. மீன்பிடி வள்ளங்களில் இதற்குப் பொதுவான காரணம் தங்கூசி நரம்பு. வலையிலிருந்தோ தூண்டிலிலிருந்தோ அறுந்த நரம்பு ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் தண்டில் சுற்றிக்கொண்டு, சூடேறி, சீலின் உதட்டை அறுத்துவிடும். சீல் மலிவானது, ஆனால் தண்ணீரோடு எவ்வளவு நாள் ஓடியது என்பதைப் பொறுத்தே உள்ளிருக்கும் பேரிங்கின் கதி. அதை அடித்திருகின் காந்தமோ, ஆயிலில் நனைத்த ஒரு சிறு காந்தமோ சொல்லும். சாம்பல்நிறப் பசைபோல் மெல்லிய தூள் ஒட்டினால் வழக்கமான தேய்மானம். நகத்தில் நெருடும் துண்டுகள் வந்தால் கியர் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது.

பிறகு நியூட்ரலில் ப்ரொப்பெல்லரைக் கையால் சுழற்றி, தண்டின் நுனியை மட்டும் கவனிக்க வேண்டும். நுனி ஆடாமல் நின்ற இடத்திலேயே சுழல வேண்டும். வட்டம் போட்டால் தண்டு வளைந்திருக்கிறது, படத்தில் கண்ட அந்த வெல்டின் கதை முழுதாகிவிட்டது.

டூ-ஸ்ட்ரோக் இன்ஜினின் நிலையை வேறெதையும்விடத் தெளிவாகக் காட்டுவது கம்ப்ரஷன் அளவு. மீட்டர் ஒன்றை மெக்கானிக்கிடம் இரவல் வாங்கிப் போகலாம். எல்லாப் பிளக்குகளையும் கழற்ற வேண்டும். நிறுத்தும் சாவிக்கயிற்றை உருவி வைத்து, பிளக் வயர்களை இன்ஜின் உடலோடு தொடும்படி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தீப்பொறிப் பெட்டி கெடலாம், வெளிவரும் எரிபொருள் ஆவியும் தீப்பிடிக்கலாம். ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து, மீட்டர் முள் மேலே ஏறாமல் நிற்கும்வரை, நான்கைந்து முறை ஒரே வேகத்தில் கயிற்றை இழுக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதே எண்ணிக்கை.

மீட்டர் காட்டும் எண்ணைவிட சிலிண்டர்களுக்கிடையிலான வித்தியாசம் முக்கியம். கயிறு இழுப்பவரின் வேகம், மீட்டரின் தரம், இன்ஜின் வகை எல்லாமே எண்ணை மாற்றும். மண்ணெண்ணெய் இன்ஜினில் அது இயல்பாகவே குறைவாக இருக்கும், அதைப் பெட்ரோல் இன்ஜினின் எண்ணோடு ஒப்பிட்டுப் பயப்படக் கூடாது. ஆனால் ஒரே இன்ஜினின் இரண்டு சிலிண்டர்கள் 10 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். அதைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். குறைந்த சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி இழுத்தால் ஒரு துப்பு கிடைக்கும். எண் நன்றாக ஏறினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. ஆயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. ஏறாவிட்டால் கேஸ்கெட் போயிருக்கலாம், அல்லது பிஸ்டனில் ஓட்டை இருக்கலாம். மண்ணெண்ணெய் இன்ஜினில் இன்னொரு சாத்தியமும் உண்டு. கரி படிந்து ரிங் தன் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கலாம்; சுத்தம் செய்தாலே சரியாகும் சந்தர்ப்பங்கள் இருக்கின்றன.

கழற்றிய பிளக்குகளை வரிசை மாறாமல் துணியில் வைத்துப் பார்க்க வேண்டும். பழுப்போ, ஆயில் நனைந்த கறுப்போ சாதாரணம். ஒன்றில் மட்டும் துருவோ நீர்த்துளியோ இருந்தால் அந்தச் சிலிண்டரில் தண்ணீர் இறங்குகிறது. டார்ச்சால் துளைக்குள் பார்த்தால், அதே பிஸ்டனின் தலை மட்டும் கரியில்லாமல் கழுவியதுபோல் பளிச்சென்று இருக்கும். உள்ளே புகுந்த நீர் ஆவியாகிக் கரியை உரித்த அடையாளம் அது. பிளக் நுனியில் மின்னும் அலுமினியப் பொடி ஒட்டியிருந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கியிருக்கிறது. அதற்கு மேல் பார்க்க எதுவுமில்லை.

கடைசியாக ஓட்டம். தண்ணீரில்லாமல் ஒரு நிமிடம் ஓட்டினாலே உள்ளிருக்கும் ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும். ஆகவே கிடைத்தகடு மூழ்கும் அளவுக்கு டிரம்மில் தண்ணீர் நிரப்பி அதில்தான் ஓட்ட வேண்டும். கிளம்பிய சில நொடிகளில் பக்கத் துளையிலிருந்து தண்ணீர் பீறிட வேண்டும். சொட்டினாலோ விட்டுவிட்டு வந்தாலோ முதலில் அந்தத் துளையை ஒரு கம்பியால் குத்திப் பார்க்கலாம், மணல் அடைத்திருக்கும். மணல் கரையில் இழுத்தேற்றும் வள்ளங்களில் மணல் கலந்த நீர் இம்பெல்லரையும் அதன் தகட்டையும் வேகமாகத் தேய்க்கும். அவை மாற்றக்கூடிய பாகங்கள், விலையில் கழித்துக்கொள்ள வேண்டியவை. ஆனால் இந்த நிலையில் எவ்வளவு நாள் ஓட்டினார்கள் என்பதற்கான பதில் ஹெட்டின் பெயின்டில் இருக்கிறது.

டிரம்மில் சுமை இல்லை. கியரின் உண்மை கடலில்தான் தெரியும். முன்கியரில் போட்டு ஆக்சிலேட்டரை முழுவதும் கொடுக்கும்போது ‘டக் டக்’ என்று கியர் விட்டுவிட்டுப் பிடித்தால், கியரைப் பற்றும் பற்களின் விளிம்பு மழுங்கிவிட்டது. இதற்குக் கீழ்க்காலைப் பிரிக்க வேண்டும். கால் மணி நேரம் ஓட்டி நிறுத்தி, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி கிளப்பிப் பார்ப்பதும் கடலிலேயே முடித்துவிட வேண்டிய வேலை. சூடான நிலையில் கிளம்ப மறுப்பது தேய்ந்த ரிங்கின், அல்லது சூட்டில் சோர்ந்துபோகும் மின்பாகத்தின் குறி.

ஒரு பேரம்

இவையெல்லாம் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்பதைக் காட்ட ஒரு கற்பனைப் பேரத்தைப் பார்க்கலாம். பாம்பன் பக்கத்து மீனவர் ஒருவருக்கு ‘யமஹா 40, நல்ல கண்டிஷன்’ என்று படம் வருகிறது. நீல மூடி பளிச்சென்று இருக்கிறது. தகட்டுப் படத்தில் E40XMHL. K இல்லை, L இருக்கிறது. அவருடைய வள்ளத்தின் பின்பலகை 20 அங்குலம். பொருந்துகிறது. அடுத்த படங்களில் ஹெட் பெயின்ட் முழுதாக இருக்கிறது. துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருக்கிறது. அடி இறக்கையில் வெல்டு இல்லை. ப்ரொப்பெல்லருக்கும் கியர் கூட்டுக்கும் இடையே நரம்பு நுனி ஒன்று துருத்துகிறது. இவ்வளவும் பஸ் ஏறப் போதுமான காரணங்கள், கியர் ஆயிலில் தண்ணீர் இருக்கும் என்று முன்கூட்டியே எதிர்பார்க்கவும் போதுமான காரணம்.

நேரில் ஹெட் குளிர்ந்திருக்கிறது. கியர் ஆயில் எதிர்பார்த்தபடியே வெளுத்து வருகிறது, ஆனால் காந்தத்தில் துண்டு எதுவும் ஒட்டவில்லை, தண்டின் நுனி ஆடவில்லை. சீல் மாற்றினால் தீரும் குறை. கம்ப்ரஷன் மேல் சிலிண்டரில் சதுர அங்குலத்துக்கு 112 பவுண்டு, கீழ் சிலிண்டரில் 90. வித்தியாசம் ஏறக்குறைய 20 சதவீதம். ஆயில் விட்டதும் 90 என்பது 106 ஆகிறது. பிஸ்டன் தலை கழுவியதுபோல் இல்லை, பிளக்கில் துரு இல்லை. தண்ணீர் காரணமில்லை, கேஸ்கெட் காரணமில்லை. கீழ் சிலிண்டரின் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன.

டிரம்மில் இன்ஜின் மூன்றாவது இழுப்பில் கிளம்பி ஒழுங்காக ஓடுகிறது. விற்பவர் அதையே ஆதாரமாகக் காட்டுகிறார். பொய்யில்லை, இந்த அளவு தேய்மானத்தோடு அது இன்னும் சில காலம் ஓடும். ஆனால் வாங்குபவர் கொடுக்கும் விலை, வேலை பார்த்த இன்ஜினுக்கா பார்க்காத இன்ஜினுக்கா என்பதுதான் கேள்வி. ரிங் மட்டும் மாற்றிப் பயனில்லை. போரைக் கடைந்து, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட வேண்டும். இங்கே ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: ஏற்கெனவே ஒரு முறை கடையப்பட்டதா? பெரிய பிஸ்டன் போட்டிருந்தால் அதன் தலையில் அந்த அளவு வெட்டப்பட்டிருக்கும். டார்ச் வெளிச்சத்தில் கரியைச் சுரண்டிப் பார்த்துத் தெரியாவிட்டால் ஹெட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். 0.50 ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்றால் அடுத்து ஸ்லீவ் வேலை, செலவு வேறு தளத்துக்குப் போய்விடும். ஹெட்டைத் திறக்க விற்பவர் சம்மதித்தால், புது கேஸ்கெட்டின் விலையை வாங்குபவர் கொடுப்பது நியாயம். சம்மதிக்காவிட்டால் ஸ்லீவ் செலவையும் சேர்த்தே விலையில் கழித்துப் பேச வேண்டும்.

இங்கே ஹெட் திறக்கப்படுகிறது. பிஸ்டனில் எண் எதுவும் இல்லை, தொழிற்சாலை அளவுதான். போரில் மெல்லிய நீளக் கோடுகள், ஆழமான கீறல் இல்லை. ஆகவே கழிக்க வேண்டியவை: இரண்டு சிலிண்டரும் கடைசல், இரண்டு பிஸ்டன் செட், கேஸ்கெட்டுகள், ப்ரொப்பெல்லர் தண்டு சீல், கியர் ஆயில், பாதுகாப்புக்காக ஓர் இம்பெல்லர், மெக்கானிக் கூலி. இவற்றின் விலையை உதிரிபாகக் கடையில் போனிலேயே கேட்டு எழுதிக்கொண்டு, நல்ல நிலையிலுள்ள அதே மாடலின் சந்தை விலையிலிருந்து கழித்தால் வருவதுதான் இந்த இன்ஜினின் விலை. கடல் ஓட்டத்தில் கியர் விட்டுப் பிடித்தால் அந்தக் கணக்கே மாறிவிடும் என்பதால், முன்பணம் கடல் ஓட்டத்துக்குப் பிறகுதான்.

கைமாறும் தாளில் மாடல் குறியும் வரிசை எண்ணும் தகட்டில் உள்ளபடியே எழுதப்பட வேண்டும்; ‘யமஹா 40’ என்று மட்டும் எழுதிய தாள் எந்த இன்ஜினுக்கும் பொருந்தும். விற்பவரிடமிருந்து பழைய பில்லையும் வாங்கிக்கொண்டு, வள்ளத்தின் பதிவில் இன்ஜின் விவரம் இருக்குமானால் அதில் இந்த எண்ணை மாற்றிப் பதிய மீன்வளத்துறை அலுவலகத்தில் கொடுக்கலாம். முதல் நாள் வந்த அந்தத் தகட்டுப் படத்தைக் கைபேசியிலேயே வைத்திருப்பது உதிரிபாகம் வாங்கும்போதும், இன்ஜின் காணாமல் போனால் புகார் கொடுக்கும்போதும் பயன்படும்.